வாயேஜர் "பல ஒளியாண்டுகளா" பறக்குதா?

மொட்டமாடி மணி:
ஒரு வீடியோல "வாயேஜர் 1 விண்கலம் பல ஒளியாண்டுகளா பறந்துக்கிட்டே இருக்கு"ன்னு சொன்னாங்க. கமென்ட்ல ஒருத்தர் ஒளியாண்டு காலம் இல்ல தூரம்னு சொல்லவும் எல்லாரும் சேர்ந்து அவரை ஓட்டிட்டாங்க. எது சரி?

நெல்லை நேசன்:
கமென்ட் போட்டவர்தான் சரி. ஒளியாண்டுங்கறது வெளிச்சம் ஒரு வருஷத்துல போற தூரம். வீடியோ ரெண்டு பக்கமும் தப்பு, காலமா எடுத்தாலும் தப்பு, தூரமா எடுத்தாலும் தப்பு. வாயேஜர் 1 கிளம்புனது 1977 செப்டம்பர்ல. செகண்டுக்கு சுமார் 17 கி.மீ. வேகத்துல ஓடுது, அப்படி ஓடியும் வெளிச்சம் ஒரே நாள்ல போற தூரம் இருக்கே, சுமார் 2,590 கோடி கி.மீ., அதைத் தொடவே 2026 நவம்பர் வாக்குல ஆகும்ங்கறது கணக்கு. நாப்பத்தொம்போது வருஷத்துக்கு ஒரு "ஒளிநாள்". ஒரு ஒளியாண்டு முடிக்க இதே வேகத்துல 17,600 வருஷம் பக்கம் ஆகும், இதுல "பல ஒளியாண்டு" எங்க இருந்து வந்துச்சு?

கருவாயன்77:
தலைவா அவ்ளோ ஈசியா தள்ளிடாதீங்க. வெளிச்சம் போக ஒரு வருஷம் ஆகுதுன்னா அதுல காலம் இருக்குல்ல? மதுரையில இருந்து திண்டுக்கல் எவ்ளோ தூரம்னு கேட்டா ஒன்றரை மணி நேரம்னுதான் எல்லாரும் சொல்றோம். வாயேஜர்ல மெமரி சிப் கெட்டுப்போனதால 2024 ஏப்ரல்ல நாசா ஆளுங்க ப்ரோக்ராம் கோடை மாத்தி அனுப்பினாங்களே, 18ம் தேதி அனுப்பி 20ம் தேதிதான் பதில் வந்துச்சு. போக இருபத்திரண்டரை மணி நேரம், வர இருபத்திரண்டரை. அவங்களுக்கு அது காத்திருக்கற நேரம்தானே, வெறும் தூரமா?

நெல்லை நேசன்:
காத்திருந்தது நேரம்தான், அதுல சண்டையே இல்ல. ஆனா உங்க திண்டுக்கல்லையே எடுங்க. பஸ்ஸுக்கு ஒன்றரை மணி, நடந்தா ஒரு நாளுக்கு மேல, ஊர் மட்டும் நகரவே இல்ல. அன்னைக்கு வாயேஜர் இருபத்திரண்டரை ஒளிமணி தூரத்துல இருந்துச்சு, அதாவது சுமார் 2,430 கோடி கி.மீ. அதே தூரத்தைக் கடக்க வாயேஜருக்கு நாப்பத்தாறு வருஷம் ஆச்சு, ரேடியோ சிக்னலுக்கு ஒரு நாள் கூட ஆகல. கணக்கு யார் போனாலும் மாறலன்னா அது தூரம், போற ஆளைப் பொறுத்து மாறுச்சுன்னா அது பயண நேரம்.

செல்வி_கோவை:
சார் இதைப் படிச்சதும் ஒரு டவுட். என் பையன் அசைன்மென்ட்ல "ப்ராக்சிமா நட்சத்திரம் 4.2 ஒளியாண்டு, அதனால ராக்கெட்ல போக 4.2 வருஷம்"னு எழுதியிருந்தான், அதுக்கு ஸ்கூல்ல ரைட்டும் போட்டுட்டாங்க. நான் தப்புன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறான், என்னன்னு சொல்லி புரிய வைக்கறது?

நெல்லை நேசன்:
4.2 வருஷம் வெளிச்சத்துக்கு மட்டும்தாங்க. 17,600ஐ 4.2ஆல பெருக்கச் சொல்லுங்க, 74,000 வருஷம் பக்கம் வரும். அதுவும் வாயேஜர் அந்தப் பக்கமே போகல, போற மாதிரி வச்சுக்கிட்டா.

கணக்குப்புள்ள:
சின்ன திருத்தம், யாரும் கேக்கல இருந்தாலும் சொல்றேன் 😁 ஒளியாண்டுக் கணக்குல வர்ற வருஷம் 365 நாள் இல்ல, 365.25 நாள், ஜூலியன் வருஷம். வெளிச்ச வேகமும் வெற்றிடத்துல உள்ளதுதான், ஃபைபர் கேபிள் கண்ணாடிக்குள்ள மூணுல ரெண்டு பங்கா குறைஞ்சிடும், அதுக்காக ஒளியாண்டு சுருங்காது. 9.46 லட்சம் கோடி கி.மீ.ன்னு ஃபிக்ஸ் பண்ணி வச்சாச்சு.

கருவாயன்77:
சரி, பக்கத்துல இருக்கறதுக்கு எல்லாம் ஒத்துக்கறேன். GN-z11னு ஒரு கேலக்ஸி இருக்கே, அதோட வெளிச்சம் 1,340 கோடி வருஷம் முன்னாடி கிளம்புனது, நியூஸ்ல அதை 1,340 கோடி ஒளியாண்டு தூரம்னு போடறாங்க. அங்க நேரத்தைத்தானே தூரமா எழுதறாங்க?

நெல்லை நேசன்:
இது நல்ல கேள்வி, இங்கதான் நியூஸ்காரங்க சொதப்பறாங்க. வெளிச்சம் வந்துக்கிட்டு இருக்கும்போதே நடுவுல இருக்கற வெளி விரிஞ்சுக்கிட்டே போகுது, அதனால இப்ப அந்த கேலக்ஸி 3,200 கோடி ஒளியாண்டுக்கு அப்பால இருக்கு. வருஷக் கணக்கும் ஒளியாண்டுக் கணக்கும் ஒண்ணுன்னா இந்த ரெண்டு நம்பரும் எப்படி வேற வேறயா வரும்? ப்ராக்சிமா மாதிரி பக்கத்து நட்சத்திரத்துல ரெண்டும் ஒத்துப்போறதால யாருக்கும் உறைக்க மாட்டேங்குது.

கணக்குப்புள்ள:
அதுல நான் நேசன் அண்ணன் கூட முழுசா சேர மாட்டேன். 3,200 கோடிங்கறது "இப்ப"ன்னு ஒண்ணை வச்சுக்கிட்டு போட்ட மாடல் கணக்கு, நேரா யாரும் அளந்தது இல்ல. உண்மையில அளக்கறது வெளி விரியறதால வெளிச்சத்தோட அலைநீளம் எவ்ளோ நீண்டிருக்குங்கற ரெட்ஷிஃப்ட்டைத்தான். நியூஸ்ல "வெளிச்சம் கிளம்பி 1,340 கோடி வருஷம் ஆச்சு"ன்னு மட்டும் போட்டுட்டு தூரத்தை விட்டுடலாம்.

கருவாயன்77:
அந்த 1,340 கோடியும் மாடல்ல இருந்து வர்ற நம்பர்தானேய்யா.

மொட்டமாடி மணி:
சண்டையை நீங்க கண்டினியூ பண்ணுங்க. நான் போய் அந்த வீடியோ கீழ "இன்னும் ஒரு ஒளிநாளே முழுசா ஆகல"ன்னு போட்டேன், ஒருத்தர் வந்து "ஒரு நாள் ஆகலையா, 1977ல விட்டதுடா அது"ங்கறார் 😭