கலைச்சொல் தேவை: ‘டூ ஆர் டை’ ரைடு, ‘சூப்பர் டேக்கிள்’ (வெள்ளிக்கிழமைக்குள்)

தமிழரசி:

குழுவினருக்கு வணக்கம். உடற்கல்வி ஆசிரியர்களுக்கான கபடிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மெய்ப்பு பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. ஒரே அத்தியாயத்தில் ‘வாழ்வா சாவா ரைடு’, ‘செய் அல்லது செத்து மடி ரைடு’, ‘டூ ஆர் டை’ என்று மூன்று பெயர்கள். சூப்பர் டேக்கிள் இன்னும் மோசம்: ‘சூப்பர் பிடி’, ‘அபாரத் தடுப்பு’, ‘சிறப்பு மடக்கு’. எழுதியவர்கள் மூன்று பேர், ஆளுக்கொரு அகராதி.

ஆட்ட நிலையைப் பார்த்து ரைடர் என்ன முடிவெடுப்பது என்பதுதான் அந்த அத்தியாயமே. பெயர் குழம்பினால் பாடமும் குழம்பும். ஆளுக்கு ஒரு சொல் சொல்லுங்கள், போதும்.

புலவர் மாணிக்கம்:

அன்புடையீர், ‘செய் அல்லது செத்து மடி’ 1942இல் பம்பாயில் காந்தியடிகள் விடுத்த முழக்கத்தின் தமிழாக்கம். அதை ஆடுகளத்துக்கு இழுத்து வருவது பொருந்தாது.

சொல் தேடி வெளியே போக வேண்டியதில்லை. பகைப்புலம் புகுந்து கவர்ந்து மீள்வது வெட்சி. ஆகவே ரைடு என்பது வெட்சி, ரைடர் வெட்சியார். மதில் காத்து நிற்பது நொச்சி. மூவரே எஞ்சிய நிலையில் பகைவனை மடக்குவது நொச்சியன்றி வேறென்ன? ‘நொச்சிப்பிடி’ என வையுங்கள். கபடியே ‘கைபிடி’யின் மரூஉ என்பதையும் கையேட்டின் முன்னுரையில் சேர்க்கலாம்.

அருள்மொழி:

ஐயா, வெட்சிக்கு எதிர்நின்று மீட்பது கரந்தைதானே? நொச்சி உழிஞைக்கு எதிர். தொல்காப்பியர் நொச்சியைத் தனித் திணையாகவே வைக்கவில்லை. அப்படியானால் ‘கரந்தைப்பிடி’ என்றல்லவா வர வேண்டும்? ‘கைபிடி’ கபடியான கதையில் ஐகாரம் எங்கே போனது, பிகரம் எப்படிப் பகரமானது என்று யாராவது விளக்கினால் நம்பலாம்.

எட்டாம் வகுப்புப் பையன் ‘வெட்சியார் வெளியேறினார்’ என்று படித்தால் பூக்கடையைத்தான் நினைப்பான்.

கவின்:

வணக்கம். 2014ல புரோ கபடி ஆரம்பிச்சதுலேர்ந்து எல்லா வீட்டுலயும் டிவி வழியா இந்தச் சொற்கள் பழகிடுச்சு. மாத்த வேண்டாம்னுதான் என் கட்சி. மாத்தியே ஆகணும்னா ‘வாழ்வா சாவா’ சரியா இருக்கு. ஒரு ரைடர் ரெண்டு தடவை சும்மா வந்துட்டா மூணாவது தடவை புள்ளி எடுத்தே ஆகணும், இல்லன்னா அவுட். அதுவும் எதிர்ல மூணு பேர்தான்னா சும்மா வந்தாலே அவங்களுக்கு 2 புள்ளி. எப்படியும் போனஸ் போட்டாவது தப்பிச்சிடலாம்.

முருகேசன்:

தம்பி கவின், பாதி சரி. கணக்கு அணிக்கு, ஆளுக்கு இல்லை. அணியின் முதல் இரண்டு ரைடும் புள்ளியில்லாமல் முடிந்தால் மூன்றாவதாக யார் போனாலும் அது டூ ஆர் டை, அன்று அவர் பாடிப் போகும் முதல் ரைடாக இருந்தாலும் சரி. போனஸ் போட்டாலும் அதில் தப்பிக்கலாம்தான். ஆனால் எதிரே 6 பேராவது நிற்கும்போதுதான் போனஸ் கோடு உயிரோடு இருக்கும். அப்புறம், டூ ஆர் டையில் தொடாமல் திரும்பினால் எதிரணிக்கு 1 புள்ளிதான், எதிரே மூவரே நின்றாலும். 2 புள்ளி கிடைப்பது பிடித்தால்தான், அதுதான் சூப்பர் டேக்கிள்.

பெயர்ச் சிக்கலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. எதிரே நாலு பேரோ அதற்கு மேலோ இருக்கிறார்கள், நமக்கு டூ ஆர் டை. தொடாமல் வந்தாலும் ரைடர் வெளியே, எதிரணிக்கு 1. பிடிபட்டாலும் அதேதான். இழக்க ஒன்றும் மிச்சமில்லை, கண்ணை மூடிக்கொண்டு முயலலாம். இங்கே ‘வாழ்வா சாவா’ பொருந்துகிறது.

எதிரே மூவர்தான் என்றால் அப்படியில்லை. சும்மா வந்தால் 1, பிடிபட்டால் 2. சாவிலேயே இரண்டு விலை. பெயரைக் கேட்டுப் பழகிய பையன் கடைசி 5 வினாடியில் கார்னர் மேல் பாய்ந்து, 1 போக வேண்டிய இடத்தில் 2 கொடுத்துவிட்டு வருவான்.

ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். நாம் 28, அவர்கள் 26. இன்னும் 2 நிமிடம். நம்மிடம் 5 பேர், அவர்களிடம் 3 பேர். நமக்கு ஏற்கெனவே ஒரு வெற்று ரைடு ஆகிவிட்டது, இப்போது இரண்டாவது. இதில் தொட்டால் நமக்கு 1, பிடிபட்டால் அவர்களுக்கு 2, சும்மா வந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. மூன்றில் இரண்டு முறைக்கு மேல் தொட்டுத் திரும்புவேன் என்ற நம்பிக்கை இருந்தால்தான் முயற்சி லாபம். அந்த நம்பிக்கை இல்லையென்றால் எதிர்க்களத்தில் கடந்தே ஆக வேண்டிய பால்க் கோட்டைத் தாண்டிவிட்டு, 30 வினாடியையும் கரைத்துவிட்டுத் திரும்பட்டும்.

அவர்கள் பின்தங்கியிருக்கிறார்கள், வேகமாக வந்து போவார்கள். அவர்களும் வெறுங்கையோடு போனார்கள் என்று வையுங்கள். ஏறக்குறைய 1 நிமிடம் 20 வினாடி இருக்கும்போது நம் டூ ஆர் டை வருகிறது. இப்போது தொட்டால் 29–26. சும்மா வந்தால் 28–27. பிடிபட்டால் 28–28. சும்மா வருவதோடு ஒப்பிட்டால் முயற்சியில் கிடைக்கக்கூடியது 2, போகக்கூடியது 1. மூன்றில் ஒரு முறை தொட முடியும் என்றாலே முயலலாம். அதே மூவர், அதே ரைடர். ஆனால் சற்றுமுன் மூன்றில் இரண்டு வேண்டியிருந்தது, இப்போது மூன்றில் ஒன்று போதும். மாணவனுக்குப் புரிய வேண்டியது இதுதான்.

தவறு பெரும்பாலும் நேரத்தில் நடக்கும். 20 வினாடி நடுவில் ஆடிக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் ஆழத்துக்குப் போவார்கள். இவன் வந்தே ஆக வேண்டும் என்று தெரிவதால் எதிரணி முன்னே வராது, இரண்டு கார்னரும் பின்கோட்டை ஒட்டி நிற்பார்கள், மூன்றாமவர் நடுவில். முதல் 10 வினாடிக்குள் ஒரு கார்னரை நோக்கி இரண்டு முறை போலியாக ஓடிப் பார்க்க வேண்டும். அவர் பாரம் முன்காலுக்கு வந்தால் கணுக்காலைப் பிடிக்கத் தயாராகிவிட்டார், அந்தப் பக்கம் காலை நீட்டக் கூடாது. குதிகாலில் நின்றால் இன்னும் தயாரில்லை. மூவர் களத்தில் கார்னர் காலைப் பிடித்தால் நடு ஆள் உடனே வந்து விழ வேண்டும். அவர் தாமதித்தால் ரைடர் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டுவிடலாம். அதனால் நான் பார்க்கச் சொல்வது கார்னரை அல்ல, அந்த நடு ஆளை. கார்னருக்கும் அவருக்கும் இடைவெளி அதிகமாகத் தெரிகிற பக்கம்தான் வழி.

பெயருக்கு வருகிறேன். ‘சாவு’ வேண்டாம். ‘மூன்றாம் ரைடு’ என்றால் போதும்.

கவின்:

சரி அண்ணா, திருத்திக்கிறேன். ஆனா ஒரு சந்தேகம். ரெண்டாவது ரைடு சும்மா வந்தா ஒன்றும் போகாதுங்கறீங்க. ஆனா அதனாலதானே அடுத்தது டூ ஆர் டை ஆகுது? அந்தச் செலவை இந்த ரைடு கணக்குல சேர்க்க வேண்டாமா?

முருகேசன்:

நல்ல கேள்வி. சேர்க்கத்தான் வேண்டும், எவ்வளவு என்பதில்தான் பயிற்சியாளர்களுக்குள் சண்டை. இடையில் அவர்கள் நம் ஆளைத் தொட்டால் ஒருவர் உள்ளே வந்து 4 பேர் ஆகிவிடுவார்கள், 2 புள்ளி ஆபத்து நீங்கும். நாம் அவர்கள் ரைடரைப் பிடித்தால் 2 பேர்தான் மிஞ்சுவார்கள், ஆல் அவுட் பக்கத்தில் வரும். 2 நிமிடத்தில் காத்திருப்பது சரி. 10 நிமிடம் மிச்சமிருந்தால் இரண்டாவதிலேயே துணிவதுதான் என் கட்சி. இங்கே வேறு மாதிரிச் சொல்பவர்களும் உண்டு.

ஜெயக்குமரன் (யாழ்ப்பாணம்):

வணக்கம். நான் புள்ளிப் பலகைக்கான மென்பொருளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறன். எனக்கு இதே பிரச்சினை, ஆனா வேற காரணம். பெட்டியில இடைவெளியோட சேர்த்து 8 எழுத்துக்கு மேல இடமில்லை. ‘வாழ்வா சாவா ரைடு’ 9 வருது. ‘மூன்றாம் ரைடு’ கொள்ளும், ஆனா பார்வையாளர் ஆட்டத்தின்ர மூன்றாவது ரைடு எண்டுதான் விளங்குவினம். ‘கெடு’ எண்டு வச்சால் என்ன? கெடு முடிஞ்சுது எண்டு எல்லாருக்கும் விளங்கும். ‘கெடு ரைடு’, இடைவெளியோட 5தான்.

அருள்மொழி:

‘கெடு ரைடு’ எனக்குப் பிடித்திருக்கிறது. கடன்காரன் கெடு வைப்பது போல நடுவர் கெடு வைக்கிறார். கெடு தவறினால் தண்டம், எவ்வளவு தண்டம் என்பதைச் சொல் முன்கூட்டிச் சொல்லவில்லை. முருகேசன் மாஸ்டர் கேட்டதும் அதுதானே.

புலவர் மாணிக்கம்:

கெடு! தெலுங்கில் ‘கடுவு’, கன்னடத்திலும் ‘கடுவு’, இரண்டும் தவணைப் பொருளே. இனச்சொற்கள் என்றே கருதுகிறேன். ஆயினும் ‘அவனைக் கெடு’ என்னும் ஏவலும் அதே வடிவில் நிற்கிறதே? ‘கெடு ரைடு’ என்று படிக்கும் சிறுவன் ரைடைக் கெடுக்கச் சொல்கிறார்கள் என்று கொண்டால்? ‘தவணை வெட்சி’ என்று இன்னொரு முறை முன்மொழிந்து அமைகிறேன்.

தமிழரசி:

ஐயா, வெட்சியை விட்டுவிடுவோம். சூப்பர் டேக்கிளுக்கு ‘இரட்டைப் பிடி’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். 2 புள்ளி என்பதால் நேரடியாகப் புரியுமே?

முருகேசன்:

வேண்டாம் அம்மா. இரண்டு தொடையையும் சேர்த்துப் பிடிப்பதை மைதானத்தில் ‘டபுள் தை’ என்கிறோம். ‘இரட்டைப் பிடி’ என்று எழுதினால் பையன்கள் அதைத்தான் பிடிப்பார்கள். ‘மூவர் பிடி’யும் சரிப்படாது, ஒருவரே நின்று பிடித்தாலும் அதே 2. ஆள் குறைந்தபோது பிடிப்பது, அவ்வளவுதான் விஷயம். ‘குறையாள் பிடி’.

இன்னொன்றையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். புள்ளி 2 வந்தாலும் உள்ளே திரும்புவது ஒருவர்தான். மூவர் பிடித்தால் நால்வர் ஆவார்கள், ஐவர் அல்ல. மதிப்பெண் தாளில் அதிகம் தவறுவது இங்கேதான்.

புலவர் மாணிக்கம்:

‘குறையாள் பிடி’ பொருளால் நன்று, புணர்ச்சியால் பிழை. வேற்றுமையில் வல்லினம் வர ளகரம் டகரமாகும் என்பது நன்னூல். நாட்குறிப்பு என்பது போலக் ‘குறையாட்பிடி’ என்றே எழுத வேண்டும்.

கவின்:

ஐயா, ‘குறையாட்பிடி’ன்னு மைக்ல சொன்னா குறையாட்டு மந்தையைப் பிடிக்கிற மாதிரி கேக்குது.

ஜெயக்குமரன்:

எனக்கு ‘குறையாட்பிடி’தான் வசதி, 6 எழுத்து. பிரிச்சு எழுதினால் இடைவெளியோட 7. ரெண்டுமே கொள்ளும் எண்டாலும் சேர்ந்தது பலகையில வடிவா இருக்கும்.

தமிழரசி:

நேரமாகிவிட்டது. எண்ணிப் பார்த்தேன்: ‘கெடு ரைடு’க்கு மூவர், ‘மூன்றாம் ரைடு’க்கு ஒருவர், வெட்சிக்கு ஒருவர். கவின் எப்படியும் ‘டூ ஆர் டை’ என்றுதான் சொல்லப்போகிறார். எனவே கையேட்டில் ‘கெடு ரைடு’, முதல் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே ‘டூ ஆர் டை’. மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று கணக்கை முருகேசன் மாஸ்டர் எழுதியபடியே எடுத்துக்கொள்கிறேன். ‘குறையாள் பிடி’ பிரித்தே போகிறது, அச்சுக்கோப்பவர் ஏற்கெனவே 14 இடத்தில் மாற்றிவிட்டார்.

புலவர் மாணிக்கம்:

என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பில் ட் வர வேண்டும்.