கம்பத்தை எடுத்தேன், வானத்தில் பட்டை வந்துவிட்டது

நிழற்குடை
கடற்கரையில் பொழுது சாய்ந்த பிறகு எடுத்த கல்யாணப் படம். மாப்பிள்ளை தலைக்கு மேல் விளக்குக் கம்பம். போட்டோஷாப்பில் அதை எடுத்துவிட்டு, இடத்தை மிருதுவான பிரஷ்ஷால் சமன் செய்து, கர்வ்ஸும் கொஞ்சம் ஏற்றினேன். லேப்டாப்பில் குறையே தெரியவில்லை. ஆல்பம் வந்ததும் பெண்ணின் அப்பா அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, "தம்பி, வானத்துல என்ன கோடு கோடா?" என்றார். கம்பம் நின்ற இடத்தில் மட்டும் பட்டை பட்டையாக இருந்தது. ஆல்பம் அடித்த லேப் மேல் பழி போடலாமா என்றுகூட யோசித்தேன்.

மதுரைக்காரன்
8 பிட்டில் வேலை செய்தால் இப்படித்தான். 16 பிட்டுக்கு மாற்றிச் சேமியுங்கள், போய்விடும்.

கறுப்புவெள்ளை
மாற்றினால் மட்டும் போகாது மதுரைக்காரரே, நானும் அப்படி நம்பி ஏமாந்தவன். ஒரு கோபுரப் படத்தில் மின்கம்பியை அழித்துவிட்டு `Info` பேனலில் பார்த்தேன். நீலம் 168 என்று எண்பது பிக்சல் வரை அசையவே இல்லை, அப்புறம் சட்டென்று 167. அந்த விளிம்புதான் கோடாகத் தெரிகிறது. பக்கத்து வானத்திலும் அதே 168, 167தான். ஆனால் கேமராவின் நாய்ஸில் இரண்டும் கலந்து கிடப்பதால் விளிம்பு கண்ணுக்குச் சிக்காது. பிரஷ் அந்த நாய்ஸை வழித்துவிடுகிறது. அதன் மேல் கர்வ்ஸ் ஏற்றினால் ஒரு படி இரண்டு, மூன்று படியாகிவிடும்.

கேமராவின் ரா கோப்பை 16 பிட்டில் திறந்து எல்லா வேலையையும் அதிலேயே முடியுங்கள். ஒட்டிய இடத்தில் மட்டும் `Add Noise`, `Gaussian`, `Monochromatic`, 1 சதவீதத்தில் தொடங்கி, 100% ஜூமில் பக்கத்து வானத்தோடு ஒத்துப்போகும் வரை ஏற்றுங்கள். 8 பிட்டுக்கு இறக்குவது கடைசியில்தான். நாய்ஸ் முன்பே இருந்தால், இடைப்பட்ட அளவு சில பிக்சலில் மேலேயும் சிலவற்றில் கீழேயும் விழும். கோடு உருவாக இடமிருக்காது.

சாரல்
எங்கள் வீட்டு டிவியில் இரவுக் காட்சி வந்தால் இதே பட்டைதான். செட்டிங்கில் ஏதாவது மாற்றலாமா?

நிழற்குடை
சாரல், அது வேறு கதை. கறுப்புவெள்ளை சார், ராவை அழித்துவிட்டேன், ஜேபெக்தான் இருக்கிறது.

கறுப்புவெள்ளை
பரவாயில்லை. பழைய பிக்சலுக்கு 16 பிட் புதிதாக எதையும் தராது. ஆனால் மாற்றிய பிறகு அந்த இடத்தை கிரேடியன்ட்டால் புதிதாக நிரப்பினால் 168க்கும் 167க்கும் நடுவே படிகள் கிடைக்கும். அதன் மேல் நாய்ஸ் போடுங்கள்.

தூண்டில்
நாய்ஸ் எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நான் போட்டு அனுப்பிய படத்தை வாடிக்கையாளர் மொபைலில் பகிர்ந்தார். அழுத்திச் சுருக்கியதில் நாய்ஸ் போய்ப் பட்டை திரும்பிவிட்டது. அதற்கு என்ன வழி?

நிழற்குடை
செய்து பார்த்தேன். 1 சதவீதத்தில் ஓரம் இன்னும் தனியாகத் தெரிந்தது, 2க்குப் போனதும் அடங்கியது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் திரும்ப அடிக்க லேபுக்கு அனுப்பியிருக்கிறேன், செலவு என் கையிலிருந்து.