பொருள்: படர்செம்மையா, விரிசிவப்பா? வியாழனுக்குள் சொல் வேண்டும்

சாட்ஸ்வொர்த் தமிழ் ஆசிரியை:

எல்லாருக்கும் வணக்கம். ஜூனில் அமெரிக்காவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் பெரியவர்களுக்கு ஒரு துண்டுத்தாள் தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அங்கே லைம் நோய்க் கிருமி உள்ள உண்ணி கடித்தால், சில நாள் கழித்துத் தோலில் ஒரு சிவப்பு தோன்றி விரிந்துகொண்டே போகும். அதற்கு 'படர்செம்மை' என்று எழுதி அம்மாவிடம் காட்டினேன். "படர்தாமரைதானே? களிம்பு போட்டால் போய்விடும்" என்றார். படித்துவிட்டு யாராவது களிம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தமிழாசிரியர்:

அம்மா, 'படர்' என்பதை விட்டுவிடாதீர்கள். கொடி படர்வதும் படர்தான், துன்பமும் படர்தான். திருக்குறளில் 'படர்மெலிந்திரங்கல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பரவுவதையும் வருத்துவதையும் ஒரே சொல் சொல்லும்போது வேறெதற்கு? தோலில் தோன்றுவதற்குச் சங்க இலக்கியத்தில் சுணங்கு, திதலை என்றும் உண்டு. 'படர்சுணங்கு' என்றால் படர்தாமரைக் குழப்பமும் தீரும். வெறும் 'சிவப்பு' கலைச்சொல் ஆகாது.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி:

இதற்கு ஏன் புதுச்சொல்? எனக்கே வந்திருக்கிறது. ஸூலுலாந்துப் பக்கம் புல்லில் நடந்தேன், ஒரு வாரத்தில் தலைவலி, காய்ச்சல், கடித்த இடத்தில் கறுப்பாகப் பொருக்கு. டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டேன், சரியானது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் 'உண்ணிக்காய்ச்சல்' என்றுதான் வருகிறது. அதையே போடுங்கள்.

டர்பன் மருத்துவர், ஓய்வுபெற்றவர்:

தம்பி, மருந்து ஒன்றுதான், நோய் வேறு. உங்களுக்கு வந்தது நம் ஊர் உண்ணிக்கடிக் காய்ச்சல். கிருமி ரிக்கெட்சியா, அடையாளம் கறுத்த பொருக்கு. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் சொல்வது இன்னொன்று, ஸ்க்ரப் டைஃபஸ். அதைக் கொண்டுவருவது மிகச் சிறிய சிற்றுண்ணியின் இளம்பருவம். அதிலும் கறுத்த பொருக்கு வரலாம். லைம் நோயில் பொருக்கைத் தேடினால் ஏமாந்துபோவோம். அங்கே பார்க்க வேண்டியது விரிவதைத்தான்.

டர்பன், மென்பொருள் வேலை:

'இலக்குத்தடம்' எப்படி? வில்வித்தைப் பலகை மாதிரி வளையம் வளையமாக இருக்கும் அல்லவா? வளையம் இருந்தால் அது, இல்லாவிட்டால் வேறு. அப்புறம், உண்ணி கடித்த எல்லாருமே உடனே மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்றும் எழுதுங்கள்.

டர்பன் மருத்துவர்:

வளையம் சிலருக்குத்தான் வரும். பலருக்கு முழுதும் ஒரே நிறத்தில் இருக்கும். வளையத்துக்காகக் காத்திருந்தால் நாள் போய்விடும். மாத்திரை விஷயத்தில் நீங்கள் பாதி சரி. அந்த நோய் மிகுந்த பகுதியில், அதைப் பரப்பும் வகை உண்ணி 36 மணி நேரமாவது ஒட்டியிருந்து, பிடுங்கி 72 மணி நேரத்துக்குள் என்றால் பெரியவர்களுக்கு 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் ஒரே வேளை கொடுப்பதுண்டு. எல்லாக் கடிக்கும் இல்லை. அதையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

டோங்காட் அக்கா:

என் தங்கை போன வருஷம் கனெக்டிகட்டில் மகள் வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்தாள். உண்ணியைப் பார்க்கவே இல்லை. அது கசகசா அளவுதானாம். ஒன்பதாம் நாள் முழங்காலுக்குப் பின்னால் ஐந்து ராண்டு நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. மகள் பேனாவால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டிவிட்டது. மூன்றாம் நாள் உள்ளங்கை அளவு. மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல், காலை மாலை 100 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் பத்து நாளுக்கு எழுதிக்கொடுத்தார். எந்தச் சொல்லானாலும் அந்தப் பேனாக் கோட்டை எழுதுங்கள் அம்மா.

டர்பன் மருத்துவர்:

அவர் காத்திருக்காதது சரி. முதல் வாரங்களில் பரிசோதனை பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. கடித்த முதல் ஓரிரு நாளில் அரித்துச் சிவந்து, சிறிதாகவே இருந்து மறைந்தால் அது வெறும் கடித்தடம். லைம் நோய்ச் சிவப்பு 3 நாளிலிருந்து 30 நாளுக்குள் வரும், பெரும்பாலும் 5 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். தடிப்பு என்று எழுத வேண்டாம், பலருக்கு அது தட்டையாகவே இருக்கும். 'விரிசிவப்பு' புரியும். ஆனால் நம்மில் கறுத்த தோல்காரர்களுக்குச் சிவப்பாகவே தெரியாமல், கன்றிப்போனது போல இருக்கலாம். அதனால் 'விரிதடம்' என்பேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தமிழாசிரியர்:

தடம் என்றால் காலடி. நோய் நடந்துபோன வழியா? படர்சுணங்கே சரி.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை:

இன்று வியாழன். ஐந்து பேர் விரிசிவப்பு, இருவர் விரிதடம், ஐயா ஒருவர் படர்சுணங்கு. விரிசிவப்பு என்று போடுகிறேன். கீழே பேனாக் கோட்டுப் படம் ஒன்றும், "கறுத்த தோலில் கன்றியது போலத் தெரியலாம்" என்ற வரியும் வரும். டாக்டர் ஐயா, உங்கள் சொல்லை இரண்டாம் பதிப்பில் பேசுவோம்.

டர்பன் மருத்துவர்:

பேசுவோம் அம்மா. அந்த வரியைப் படத்துக்கு மேலே போடுங்கள்.