சீனாவில் வாடகை ஒப்பந்தத்தை நீட்டிக்க ஓனருக்குச் சீன மொழியில் மெயில்: வாடகையும் கொஞ்சம் குறைக்கக் கேட்கணும், உதவுங்கள்

சூஜோ_தறி
சூஜோவில் ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் குடும்பத்தோட இருக்கேன். மாத வாடகை 6,500 யுவான். அட்வான்ஸ் ஒரு மாசம், வாடகை மூணு மாசத்துக்கு ஒருமுறை. ஒப்பந்தம் ஆகஸ்ட் 31-ல் முடியுது. நீட்டிக்கிறதா இருந்தா 30 நாளைக்கு முன்னாடியே சொல்லணும்னு அதில் இருக்கு. பையன் பள்ளிக்கூடம் பக்கத்துலயே இருக்கு, அதனால மாற மனசில்லை. ஆனா இதே குடியிருப்பில் இதே அளவு வீடுகள் இப்போ 6,200 பக்கம் போகுது. வீடு ஓனரும் அவர் மனைவியும் சேர்ந்து வாங்கினது, ரெண்டு பேரும் பார்க்கணும்னு மெயில்லதான் எழுதச் சொல்றார். என் வரைவு இது, இன்னும் அனுப்பலை:

```
尊敬的房东：
我要续租一年。租金希望小幅调整。请尽快回复。
```

இது சரியா இருக்கா? மரியாதைக் குறைவா எதுவும் தொனிக்குதா?

குவாங்சோ_வியாபாரி
மெயில் எதுக்கு தம்பி? இங்க யாரு மெயில் பார்க்கிறாங்க? வீசாட்டில் ஒரு வரி போடு, போதும். இன்னொண்ணு சொல்றேன், ஒண்ணுமே கேக்காம வாடகையைக் கட்டிக்கிட்டே இரு. ஓனர் மறுப்பு சொல்லலைன்னா பழைய ஒப்பந்தமே தொடரும், சட்டமே அப்படித்தான். நான் வருஷக்கணக்கா அப்படித்தான் ஓட்டுறேன்.

ஷாங்காய்_எழுத்தர்
வியாபாரி அண்ணன் சொன்னதில் பாதி சரி. சிவில் சட்டத் தொகுப்பின் 734-ஆம் பிரிவுப்படி ஒப்பந்தம் தொடரும்தான். ஆனால் காலவரையறை இல்லாத ஒப்பந்தமாகிவிடும். அதன் பிறகு நியாயமான அவகாசம் கொடுத்து ஓனர் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம். பையன் படிப்பை நம்பி இருக்கும் குடும்பத்துக்கு அது சரிப்படாது. அதே பிரிவில் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு: காலம் முடியும்போது, அதே நிபந்தனைகளில் இன்னொருவர் கேட்டாலும் ஏற்கெனவே இருக்கும் வாடகைதாரருக்குத்தான் முன்னுரிமை. அதை மெயிலில் எழுதாதீர்கள். முதல் கடிதத்திலேயே சட்டம் பேசினால் எதிராளி விறைத்துக்கொள்வார்.

உங்கள் வரைவுக்கு வருவோம். மூன்று வாக்கியமும் மூன்று விதமாக இடிக்கிறது. முதல் வாக்கியம் கேட்பதுபோல் இல்லை, முடிவை அறிவிப்பதுபோல் இருக்கிறது. மூன்றாவது வாக்கியம் அவரை அவசரப்படுத்துகிறது. நடுவில் இருப்பதுதான் பெரிய சிக்கல்: வாடகை மாறட்டும் என்கிறீர்கள், கூடுவதா குறைவதா என்று சொல்லவில்லை. நீங்களே உயர்த்தித் தர முன்வருகிறீர்கள் என்று அவர் எடுத்துக்கொண்டால், பிறகு பேசித் திருத்துவது சங்கடம். "6500 யுவானிலிருந்து 6200-க்கு" என்று இரண்டு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். 下调 என்று மட்டும் போட்டு ஒரே எண் எழுதினால் குறைக்கும் தொகையாகப் படிக்கப்படும். 下调至 என்றால்தான் குறைந்த பிறகு வரும் வாடகை.

நான் எழுதினால் இப்படி:

```
主题：关于×栋×室续租事宜

×先生：

　　您好！我是×栋×室的租客。现合同将于8月31日到期，
我们一家住得很好，希望再续租一年。

　　近期本小区同户型租金略有下降，想和您商量：月租能否
由6500元下调至6200元？押金6500元及其他条款不变。
如您同意，租金可改为半年一付。

　　若可行，请告知您方便的时间，我们签一份书面续租协议，
我也需凭此到派出所更新住宿登记。

　　盼复。祝您和太太生活愉快！

　　　　　　　　　　　　　　租客 ×××
　　　　　　　　　　　　　　7月6日
```

×先生 என்பதில் × இடத்தில் அவருடைய குடும்பப் பெயர் மட்டும் வரட்டும், முழுப் பெயர் வேண்டாம். அவரைக் குறிக்கும் சொல் எல்லா இடத்திலும் மரியாதையான 您 ஆகவே இருக்கட்டும், ஓரிடத்தில் மட்டும் சாதாரண 你 வந்தால் கண்ணை உறுத்தும். அரையாண்டு வாடகையை மொத்தமாகக் கொடுக்க முடியாதென்றால் 半年一付 என்று முடியும் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். கொடுக்க முடிந்தால் அதுதான் உங்கள் கையில் இருக்கும் நல்ல சீட்டு.

நான்ஜிங்_மாணவி
அண்ணா, வாடகையை ஏத்துறாங்கன்னா ஒத்துக்காதீங்க! எங்க ஹாஸ்டலுக்கு வெளியே நான் எடுத்த ரூமில் இப்படித்தான் கேட்டாங்க. அப்புறம் பார்த்தா வாடகை வாங்கினவர் ஓனரே இல்லை, முழு வீட்டையும் எடுத்து ரூம் ரூமா பிரிச்சு விட்டவர். அவரோட ஒப்பந்தமும் அதே மாசம் முடிஞ்சுபோச்சு. என் அட்வான்ஸ் திரும்பவே இல்லை.

சூஜோ_தறி
தங்கச்சி, ஏத்தலை, நான்தான் குறைக்கக் கேக்குறேன். ஓனர் யாருன்னு சொத்துப் பத்திர நகலில் பார்த்துட்டேன், ரெண்டு பேர் பெயரும் இருக்கு.

எழுத்தர் அண்ணா, ரொம்ப நன்றி. வாடகை ஆப்பில் 5,900-க்கு ஒரு வீடு போட்டிருக்காங்க. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இணைக்கலாமா?

ஷாங்காய்_எழுத்தர்
வேண்டாம். ஆப்பில் இருப்பது கேட்கும் விலை, கைமாறிய விலை அல்ல. அந்த 5,900 வீடு வெயில் வராத வடக்குப் பார்த்ததாகவோ மரச்சாமான் இல்லாததாகவோ இருக்கலாம். ஓனர் அதைப் பிடித்துக்கொண்டு "அப்படியானால் அங்கே போங்கள்" என்று சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

அவர் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். நீங்கள் கேட்பது மாதம் 300, வருடத்துக்கு 3,600. நீங்கள் காலி செய்து வீடு ஒரு மாதம் சும்மா கிடந்தாலே அவருக்கு 6,500 போச்சு. புது ஆள் பிடிக்க ஏஜென்ட் கமிஷன் வேறு. அவருக்கே இது தெரியும், நீங்கள் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. "நன்றாக இருக்கிறோம், தொடர விரும்புகிறோம்" என்ற வரி அந்தக் கணக்கை அவருக்கு நினைவூட்டும்.

குவாங்சோ_வியாபாரி
மெயில் போட்ட கையோட வீசாட்டில் "மெயில் அனுப்பிருக்கேன்"னு ஒரு வரி போட்டுடு தம்பி. இல்லன்னா ஸ்பாம்ல போய் உக்காந்திருக்கும். காலவரையறை விஷயம் எனக்குத் தெரியாது, என் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பார்க்கிறேன்.

சூஜோ_தறி
பதில் வந்துடுச்சு. 6,300-க்கு ஒத்துக்கிட்டார், வாடகை அரையாண்டுக்கு ஒருமுறை. புது ஒப்பந்தமே போடலாம்கிறார். அதில் அட்வான்ஸ் பத்தி என்ன எழுதணும்? திரும்ப 6,300 கேப்பாரோ?

ஷாங்காய்_எழுத்தர்
நல்ல விலை, ஏற்றுக்கொள்ளுங்கள். புது ஒப்பந்தம் என்றால் ஒரு வரி கட்டாயம் வேண்டும்:

```
原合同押金6500元转为本合同押金，乙方无需另付。
```

பழைய அட்வான்ஸ் 6,500 அப்படியே இதற்கு மாறுகிறது, வாடகைதாரர் தனியாகத் தர வேண்டாம் என்று பொருள். இது இல்லாமல் கையெழுத்துப் போட்டால், பழைய ஒப்பந்தம் தீர்ந்த கணக்காகிவிடும். காலி செய்யும் நாளில் பழைய ரசீதைத் தேடி அலைய நேரிடும். சொத்து இருவர் பெயரில் இருப்பதால் இருவருமே கையெழுத்திடட்டும். பிறகு பாஸ்போர்ட்டையும் புது ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போங்கள். தங்குமிடப் பதிவு பெரும்பாலும் ஒப்பந்தத் தேதியோடுதான் முடியும். ஆகஸ்ட் 31 தாண்டவிடாதீர்கள், வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது இந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.

சூஜோ_தறி
இன்னொரு சிக்கல். கம்பெனி வீட்டுப்படி கொடுக்கணும்னா ஓனர்கிட்ட இருந்து ஃபாபியாவ் ரசீது வேணும். 6,300-ல் அதுக்கான வரி சேர்ந்திருக்கான்னு அவர் சொல்லலை. இப்பவே கேட்கட்டுமா?

குவாங்சோ_வியாபாரி
கையெழுத்து ஆகட்டும், அப்புறம் கேளு. இப்போ கேட்டா விலையைத் திரும்பத் திறப்பார்.

ஷாங்காய்_எழுத்தர்
இதில் எனக்கு உடன்பாடில்லை. கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள். பின்னால் கேட்டால், வரி உங்கள் தலையில் என்று அவர் சொல்லும்போது பதில் சொல்ல ஒப்பந்தத்தில் ஒன்றும் இருக்காது. போன வருடம் ரசீது கொடுத்தாரா, அப்போது வரியை யார் கட்டினார்?

சூஜோ_தறி
போன வருஷம் கம்பெனி கேட்கலை, அதனால நானும் வாங்கலை. இந்த வருஷம்தான் புது விதி போட்டிருக்காங்க. மனைவிகிட்ட பேசிட்டு ஞாயித்துக்கிழமை கேட்டுப் பார்க்கிறேன்.