விலங்கு வினாடி வினா: சேவல் கூவுமா, கொக்கரிக்குமா?

தொடங்கியவர்: ஐந்து வயதுப் பிள்ளைகள் 12 பேருக்காகப் பத்துக் கேள்விகள் தயாரித்தேன். இருப்பிடத்திற்கு நான்கு, குட்டிகளுக்கு மூன்று, ஒலிகளுக்கு மூன்று எனப் பிரித்து, கோடிட்டு இணைக்கச் சொன்னேன். ஒலிப் பகுதியில் இடப்பக்கம் காகம், குயில், சேவல் என்றும், வலப்பக்கம் கொக்கரிக்கும், கரையும், கூவும் என்றும் எழுதியிருந்தேன். வீட்டுப் பகுதியில் முழுமதிப்பெண் பெற்ற ஒரு சிறுமி, சேவலைக் 'கூவும்' என்பதோடு இணைத்துவிட்டு, மிஞ்சிய 'கொக்கரிக்கும்' என்பதைக் குயிலுக்குக் கொடுத்துவிட்டாள். நானும் இரண்டு மதிப்பெண்களைக் குறைத்துவிட்டேன். "சேவல் விடியற்காலையில் கூவும்தானே?" என்று அவள் கேட்டபோதுதான் பிழை என்னுடையது என்று உணர்ந்தேன்.

மழலையர் வகுப்பு ஆசிரியை: குழந்தை சொன்னதே சரி. சேவல் கூவும், முட்டையிட்டபின் கொக்கரிப்பது பெட்டைக்கோழி. ஒரே விடை இரண்டு உயிர்களுக்குப் பொருந்தினால், பிள்ளை முதலில் எதை இணைக்கிறதோ அதுவே அடுத்த விடையையும் கெடுத்துவிடும். சேவலை எடுத்துவிட்டு யானையையும் 'பிளிறும்' என்பதையும் வையுங்கள். மூன்று உயிர்களுக்கு நான்கு விடைகள் கொடுத்தால், கடைசி விடை தானாகக் கிடைப்பதும் நின்றுவிடும். மேலும், 'கரையும்' என்பதை அறியாத பிள்ளையும் 'கா கா' என்று கத்திக் காட்டும் என்பதால், முதலில் வாய்மொழியாகக் கேட்பது நல்லது.

ஒரு தாத்தா: என் பேரனும் இப்படித்தான், பாம்பின் வீடு எது என்ற கேள்விக்கு விடையளிக்கத் தயங்கினான். பாம்பு மண்ணைக் குழைத்துப் புற்றைக் கட்டிக்கொள்கிறது என்று நான் விளக்கியபின் உடனே புரிந்துகொண்டான்.

ஆசிரியை: பாம்பு புற்றில் தங்குவது உண்மைதான், ஐயா. ஆனால் புற்றைக் கட்டுபவை கறையான்கள். பாம்பு அங்கே குடியேறுகிறது, அவ்வளவே. 'புற்று' என்ற விடைக்கு எதிரே கறையானும் பாம்பும் சேர்ந்து வந்தால், சேவலின் கதைதான் மறுபடியும் நடக்கும்.

ஒரு தாய்: எங்கள் வீட்டில் முயல் வளர்க்கிறோம். வளை, கூண்டு, கூடு ஆகிய மூன்றில் என் மகன் கூண்டைத் தேர்ந்தெடுத்தான். தவறு என்று குறிக்கப்பட்டிருந்தது. அவன் தினமும் காண்பது அதைத்தானே? கேள்வியில் 'காட்டில்' என்ற ஒரு சொல் இருந்திருந்தால் அவன் தடுமாறியிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

தொடங்கியவர்: அந்தச் சொல்லைச் சேர்த்துவிடுகிறேன். இதைப் படித்தபின் குட்டிகள் பகுதியையும் பார்த்தேன். பசுவிற்குக் கன்று, யானைக்குக் குட்டி என்று எழுதியிருக்கிறேன். யானைக்கன்று என்றும் சொல்வோமே! பசுவை விட்டுவிட்டுக் கோழியையும் குஞ்சையும் வைக்கிறேன். குயிலைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அது கூடு கட்டாமல் காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. 'குயிலின் வீடு எது?' என்ற கேள்விக்கு 'காக்காக் கூடு' என்று ஒரு பிள்ளை சொன்னால், மதிப்பெண் கொடுப்பீர்களா?

ஆசிரியை: நான் கொடுப்பேன். ஆனால் குஞ்சு வளர்வதுதான் அங்கே. பெரிய குயில் மரக்கிளைகளில்தான் இருக்கும். அந்தக் கேள்வியை இந்த வயதிற்கு நான் வைக்கமாட்டேன்.

தாய்: என் மகனுக்கு அந்தக் கேள்விதான் மிகவும் பிடிக்கும்.