யெனை டாலராக்கினால் அரை சதவீதம் எங்கே போகிறது?

காலாப்பட்டு_மாணவன்: சார் கொடுத்த பயிற்சியில் யென் வட்டி 0, டாலர் வட்டி 2 சதவீதம், இன்றைய விலை ஒரு டாலருக்கு 110 யென். ஒரு வருட ஃபார்வர்டு, அதாவது ஒரு வருடம் கழித்து மாற்ற இன்றே பேசி வைக்கும் விலை, என் கணக்கில் 107.84 வருகிறது, சார் கொடுத்த தாளில் 107.32 இருக்கிறது. அச்சுப்பிழையா?

பாகூர்_ஏரி: பிழை இல்லை, அதுதான் பேசிஸ், வட்டிக் கணக்கு சொல்லும் விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளி. 110 கோடி யென் கடன் வாங்கி 1 கோடி டாலராக மாற்றிக்கொள்கிறீர்கள் என்று வையுங்கள். வருடக் கடைசியில் கடனை அடைக்க அதே 110 கோடி யென்னை 107.32 விலையில் வாங்கினால் 1 கோடியே 2.5 லட்சம் டாலர் ஆகும். ஆக டாலர் உங்களுக்கு விழுந்தது 2.5 சதவீதத்துக்கு, நேரடி டாலர் வட்டியை விட அரை சதவீதம் கூடுதல்.

தேவனாம்பட்டினம்: இதில் என்ன மர்மம்? எதிர்ப்பக்க வங்கி கவிழ்ந்துவிடுமோ என்ற பயத்துக்கான விலை. 2008ல் பார்த்தோமே.

பாகூர்_ஏரி: 2008க்குச் சரி. ஆனால் இப்படி இன்று மாற்றிக்கொண்டு பிறகு திருப்பி மாற்றுகிற ஸ்வாப்பில் நீங்கள் டாலர் வாங்கும்போதே யென் அவர்கள் கைக்குப் போய்விடுகிறது, ஏறக்குறைய அடகு மாதிரி. சந்தை அமைதியான பிறகும் இடைவெளி மூடவில்லையே?

முதுநகர்_இறால்: எனக்கும் இதே கதைதாங்க. இறால் அனுப்ப டாலரில் பேக்கிங் கிரெடிட் எடுத்தேன், வங்கி ஏதோ கூடுதலாகப் போட்டுத் தீட்டிவிட்டது.

பாகூர்_ஏரி: அண்ணே, உங்கள் கதை வேறு. டாலரில் வாங்கி, வருகிற டாலரிலேயே அடைக்கிறீர்கள், நடுவில் ஸ்வாப்பே இல்லை. அந்தக் கூடுதல் வங்கியின் மார்ஜின், சண்டை போட்டால் குறையும். பேசிஸ் குறையாது.

தேவனாம்பட்டினம்: சரி, பயமில்லை என்றால் அரை சதவீதம் சும்மா கிடக்கிறது. டாலர் வைத்திருக்கிற வங்கி ஏன் அள்ளிக்கொள்ளவில்லை?

பாகூர்_ஏரி: அள்ளலாம், பேலன்ஸ் ஷீட் வீங்கும். 2008க்குப் பிறகு வந்த லீவரேஜ் விதி, சொத்து எவ்வளவு பத்திரமானது என்று பார்க்காமல் 100 டாலருக்குக் குறைந்தது 3 டாலர் சொந்த மூலதனம் கேட்கிறது. பங்குதாரர் அதற்கு 10 சதவீதம் எதிர்பார்த்தால் 30 சென்ட் அங்கேயே போச்சு, கிடைப்பதோ 50 சென்ட். ஒரு வார ஸ்வாப்பையே எடுங்கள், காலாண்டுக் கடைசி நாளைத் தாண்டுகிற வாரத்தில் மட்டும் விலை எகிறும், ஏனென்றால் பல ஐரோப்பிய வங்கிகள் அன்றைய கணக்கைத்தான் காட்டின. டிசம்பர் 31 அன்று மட்டும் ஒரு வங்கி கவிழுமா என்ன?

தேவனாம்பட்டினம்: அது நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2020 மார்ச்சில் யென் பேசிஸ் பிய்த்துக்கொண்டு போனது விதியாலா? ஃபெடரல் ரிசர்வ் ஜப்பான் மத்திய வங்கி வழியாக டாலரை இறக்கியதும் அடங்கியதே. டாலர் கேட்கிறவன் கூட்டம் அதிகம், அவ்வளவுதான்.

பாகூர்_ஏரி: கூட்டம் இருக்கட்டும். ஜப்பான் காப்பீட்டுக் கம்பெனிகள் அமெரிக்கப் பத்திரம் வாங்க ஸ்வாப்புக்குத்தான் வருகின்றன. ஆனால் கொடுப்பவனுக்கு பேலன்ஸ் ஷீட்டில் இடமிருந்தால் கூட்டம் விலையை ஏற்றாது.

தேவனாம்பட்டினம்: கூட்டமே இல்லையென்றால் இடம் எதுக்கு?

காலாப்பட்டு_மாணவன்: நாளைக்கு இன்டர்னல், நான் எதை எழுத?

முதுநகர்_இறால்: மார்ஜினைக் குறைக்க மேனேஜரிடம் எப்படிப் பேசுவது, அதைச் சொல்லுங்கப்பா முதல்ல.