அந்த ஒரு லட்ச ரூபாய் வீடு: மாதச் செலவுக்கு எந்தச் சராசரி?

ஏரிக்கரை: குடும்பச் செலவுக் கணக்கில் நாலு பணக்கார வீடுகள் புகுந்தாலே சராசரி வீங்கிவிடுகிறது. எல்லாவற்றையும் கூட்டி வீடுகளின் எண்ணிக்கையால் வகுக்கும் கூட்டுச் சராசரி வெறும் பொய். இனி எல்லா அறிக்கைகளிலும் மடக்கை எடுத்து, அதாவது கூட்டுவதற்குப் பதில் பெருக்கி, எத்தனை வீடோ அத்தனையாவது மூலம் காணும் பெருக்குச் சராசரியை மட்டுமே வெளியிட வேண்டும். மறுப்பவர்கள் வரலாம்.

நெடுவயல்: வந்துவிட்டேன். "வெறும் பொய்" என்பதுதான் எரிச்சலூட்டுகிறது. ஒரு தெருவில் ஐந்து வீடுகள். மாதச் செலவு முறையே 8,000, 10,000, 12,500, 20,000, 1,00,000 ரூபாய். கூட்டுச் சராசரி 30,100. நான்கு வீடுகள் அதற்கு வெகு கீழே இருக்கின்றன. அதுவரை நீங்கள் சொல்வது சரி. பெருக்குச் சராசரி சுமார் 18,200. இப்போது அங்கே கடை போட வருபவர், இந்தத் தெருவில் மாதம் எவ்வளவு பணம் புழங்கும் என்று கேட்கிறார். 30,100-ஐ ஐந்தால் பெருக்கினால் 1,50,500. அதுதான் உண்மையான தொகை. 18,200-ஐப் பெருக்கினால் 91,000. ஏறத்தாழ அறுபதாயிரம் ரூபாய் எங்கே போயிற்று? எது பொய்?

ஏரிக்கரை: கடைக்காரரின் கவலை எனக்கு எதற்கு? சாதாரணக் குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதே என் கேள்வி. அந்த ஒரு லட்ச ரூபாய் வீடு சாதாரணக் குடும்பமா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கோமதி: நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டிலும் ஜூன் மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். மூத்தவனுக்குக் கல்லூரிக் கட்டணம், சின்னவளுக்குப் பள்ளிக் கட்டணம், வண்டிக்குக் காப்பீடு எல்லாம் ஒன்றாக வந்து விழும். மற்ற மாதங்களில் இருபதாயிரத்துக்குள் ஓட்டிவிடுகிறேன். நோட்டில் வரிக்கு வரி எழுதி வைத்திருக்கிறேன். ஜூனில் ஒருவர் வந்து கேட்டால் எங்களைப் பணக்கார வீடு என்று எழுதிக்கொள்வாரா?

நெடுவயல்: அம்மா, இந்த விவாதத்திலேயே உருப்படியான கேள்வி உங்களுடையதுதான். செலவு வரைபடத்தில் பெரிய தொகைகளை நோக்கி வலப்பக்கம் நீளும் வாலில் ஒரு பகுதி பணக்காரர்களால் வருவதில்லை, கேட்கும் முறையால் வருகிறது. கடந்த 30 நாளில் எவ்வளவு செலவு என்று எல்லாவற்றுக்கும் கேட்டால், உங்கள் ஜூன் மாதம் ஒரு கோடீஸ்வர வீட்டைப் போலத் தெரியும். அதனால்தான் தேசிய நுகர்வுச் செலவு ஆய்வில் காய்கறி, பழம், முட்டை, மீன் போன்றவற்றுக்குக் கடந்த 7 நாள், அரிசி பருப்புக்கு 30 நாள், துணிமணி, கல்வி, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சை, நீடித்து உழைக்கும் பொருள்கள் ஆகியவற்றுக்கு 365 நாள் என்று பிரித்துக் கேட்டு, பிறகு மாதக் கணக்குக்குக் கொண்டுவருகிறார்கள். உங்கள் கல்விக் கட்டணம் பன்னிரண்டாகப் பிரிந்துவிடும். ஏரிக்கரை கேட்கும் வீட்டிலும் அந்த ஒரு லட்சம் கட்டணமா, கல்யாணமா, வழக்கமான செலவா என்று பார்க்காமலே மடக்கை போட்டால், பிழையான விடையை அழகாக மூடி வைத்தது போலாகும்.

ஏரிக்கரை: கல்யாணம், கட்டணம் என்று கதை போகிறது. வீடு சாதாரணமா இல்லையா?

திண்ணை: நெடுவயல் ஐயா ஒரு பக்கமே பேசுகிறார். 2022-23 ஆய்வில் நகர்ப்புறத்தில் ஒருவருக்கான மாதச் செலவு சராசரி 6,459 ரூபாய். அடிமட்ட 5 சதவீதத்தினருக்கு 2,001, மேல்மட்ட 5 சதவீதத்தினருக்கு 20,824. ரூபாயில் பார்த்தால் கீழே இறங்க 4,458, மேலே ஏற 14,365, ஒரே கோணல். வகுத்துப் பாருங்கள். கீழேயும் 3.2 மடங்கு, மேலேயும் 3.2 மடங்கு! கிராமப்புறத்திலும் அப்படியே: 1,373, 3,773, 10,501, இரு பக்கமும் ஏறத்தாழ 2.8 மடங்கு. செலவு மடங்காகத்தான் பெருகுகிறது, கூட்டலாக அல்ல. சம மடங்குகளைச் சம இடைவெளிகளாக்கும் மடக்கை அளவுகோலில் எல்லாம் சமச்சீராகிவிடுகிறது. ஆகவே பெருக்குச் சராசரிதான் நடுக் குடும்பம். விலைவாசிக் குறியீட்டிலேயே பெருக்குச் சராசரி பயன்படுகிறது, தெரியுமா?

நெடுவயல்: எண்கள் சரி. ஆனால் நடுவில் நிற்கும் 6,459 எந்தச் சராசரி? கூட்டுச் சராசரி! பெருக்குச் சராசரி எப்போதும் அதற்குக் கீழேதான் இருக்கும். அதை வைத்தால் உங்கள் 3.2-க்கு 3.2 உடைந்து, மேல் பக்கம் நீண்டுவிடும். உங்கள் ஆதாரம் உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. இரண்டு ஓரங்களை மட்டும் பார்த்து வடிவத்தை முடிவு செய்யவும் முடியாது. மடக்கை எடுத்த பிறகும் வரைபடம் வரைந்து பார்க்க வேண்டும். என் ஐந்து வீடுகளில் நடுவில் நிற்பது 12,500. பெருக்குச் சராசரி 18,200. மடக்கைக்குப் பிறகும் வால் மிஞ்சியிருக்கிறது என்பதற்கு அந்த இடைவெளிதான் அடையாளம். நடுக் குடும்பம் வேண்டுமென்றால் வரிசையில் நடுவில் நிற்கும் அந்த இடைநிலை அளவை நேராகவே சொல்லுங்களேன். விலைவாசிக் குறியீட்டில் சராசரி காண்பது விலை விகிதங்களுக்கு. அங்கே யாரும் மொத்தத் தொகை கேட்பதில்லை.

திண்ணை: ஐந்து வீட்டை வைத்து நாட்டையே அளக்கிறீர்கள். போன மாதம் ரேஷன் அரிசிக்கு மதிப்புப் போடலாமா என்ற விவாதத்தில் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனதும் நினைவிருக்கிறது.

நெடுவயல்: போகவில்லை. இலவசப் பொருள்களின் மதிப்பைச் சேர்த்து ஒரு கணக்கு, சேர்க்காமல் ஒரு கணக்கு என்று ஆய்வே இரண்டையும் தருகிறது என்றேன். நீங்கள்தான் படிக்கவில்லை.

திண்ணை: படித்தேன். அது பதில் அல்ல.

நெடுவயல்: இருக்கட்டும். பெருக்குச் சராசரியை "மட்டுமே" என்றவருக்கு இன்னொன்று. மருத்துவச் செலவை எடுங்கள். ஐந்து வீடுகள்: 0, 200, 500, 1,000, 10,000. ஒரு பூஜ்யம் போதும், பெருக்கினால் எல்லாம் பூஜ்யம். உடனே எல்லோரும் செய்வது, ஒவ்வொரு செலவோடும் ஒன்றைக் கூட்டி மடக்கைச் சராசரி கண்டு, கடைசியில் ஒன்றைக் கழிக்கும் இந்த வரிதான்:

```
exp(mean(log(x + 1))) - 1
```

ரூபாயில் போட்டால் விடை சுமார் 251. அதே தரவை ஆயிரம் ரூபாய் அலகில் எழுதிப் போட்டால் 1.087, அதாவது 1,087 ரூபாய். வீடுகள் மாறவில்லை, செலவு மாறவில்லை. அலகை மாற்றியதும் விடை நான்கு மடங்காகிவிட்டது. ஒன்றைக் கூட்டியது தரவில் இல்லாத ஒரு முடிவை நீங்களாக எடுத்தது. இதை எந்த அறிக்கையில் கண்டாலும் அலகைப் பத்தால், ஆயிரத்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். விடை நகர்ந்தால் நம்பாதீர்கள். செலவு செய்த வீடுகள் எத்தனை சதவீதம் என்று ஒரு வரி, அவர்களுக்கு மட்டும் பெருக்குச் சராசரி என்று இன்னொரு வரி எழுதினால் இந்த அவதியே இல்லை.

ஏரிக்கரை: நான் பேசியது மொத்தச் செலவு. அதில் பூஜ்யம் வராது. சாப்பிடாத வீடு உண்டா? தலைப்பை மாற்றி வெல்லப் பார்க்கிறீர்கள்.

நெடுவயல்: "எல்லா அறிக்கைகளிலும்" என்று எழுதியது யார்? மேலே அப்படியே இருக்கிறது. இரண்டு நகரங்களை ஒப்பிட்டு, இங்கே பொதுவாக இருபது சதவீதம் கூடுதல் என்று சொல்ல மடக்கை அருமையானது, நானே பயன்படுத்துகிறேன். தொகை சொல்ல உதவாது என்கிறேன், அவ்வளவே.

கோமதி: அப்படியானால் என் நோட்டில் பன்னிரண்டு மாதத்துக்குப் பெருக்குச் சராசரி போடலாமா?

நெடுவயல்: வேண்டாம் அம்மா. ஜூன் கட்டணத்துக்கு மாதாமாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதுதானே உங்களுக்குத் தேவை? மொத்தத்தைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். பெருக்குச் சராசரியை நம்பி ஒதுக்கினால் ஜூனில் கையைக் கடிக்கும்.

ஏரிக்கரை: எல்லோருக்கும் பதில் சொல்லிவிட்டீர்கள். நான் கேட்டதற்கு இன்னும் இல்லை. ஒரு லட்சம் செலவழிக்கும் வீடு சாதாரணக் குடும்பமா?

திண்ணை: சொல்ல மாட்டார். ரேஷன் அரிசியிலும் இதேதான்.

நெடுவயல்: அந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் சொல்லுங்கள். பத்துப் பேர் என்றால் ஆளுக்குப் பத்தாயிரம். பிறகு பேசலாம்.

ஏரிக்கரை: வீட்டை உருவாக்கியது நீங்கள். ஆளையும் நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்.